நந்தனை எத்தனை முறை தீயில் இறக்குவது?

2025 ஆகஸ்ட் மாதம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எங்கள் படிப்பு வட்டத்துத் தோழர்கள் ஆறு பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்காகப் போய்க்கொண்டிருந்தோம். பேச்சு 'தடக் 2' பக்கம் திரும்பியது. 'பரியேறும் பெருமாள்' படத்தை இந்தியில் எடுத்திருக்கிறார்கள், புதுச்சேரியில் ஓடுகிறது, போகலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. பேருந்துக் கட்டணம், டிக்கெட், இடைவேளையில் ஒரு டீ எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு நானூறு ரூபாய்க்குக் குறையாது. விடுதி மாணவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

"நம்ம படத்தையே எடுத்து நமக்கே விக்கிறாங்க. அதுக்கு எதுக்குக்கா காசு?" என்றான் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன். ஜன்னல் ஓரம் இருந்த தோழர் விடவில்லை. "பரியனோட கதை டெல்லியில இருக்கிறவனுக்கும் போய்ச் சேரட்டுமே. அவன் தமிழ்ப் படத்தைத் தேடி வந்து பார்ப்பானா?" புதுச்சத்திரம் தாண்டியும் வாக்குவாதம் ஓயவில்லை. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு ரீமேக் பார்க்கத் தகுந்ததா என்று எதை வைத்து முடிவு செய்வது என்பதற்கு எங்களில் யாரிடமும் ஒழுங்கான பதில் இல்லை.

அன்று வாசிப்பு முடிந்து ஓமக்குளம் பக்கம் டீ குடித்துக்கொண்டு நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. தமிழில் மிக அதிகமாக ரீமேக் செய்யப்பட்ட தலித் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊரிலேயே நின்றுகொண்டு, ரீமேக்கை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். நந்தன் தீயில் இறங்கிய இடம் இதுதான் என்று ஓமக்குளத்தைக் காட்டுவார்கள். அதன்பிறகு சில வாரங்கள் நந்தன் கதையின் ஒவ்வொரு பதிப்பையும் எடுத்துவைத்துப் பேசினோம். அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில், இவற்றை ஏன் எடுக்கிறார்கள்?

"கதைப் பஞ்சம்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது உண்மையில்லை. கதை சொல்ல ஆயிரம் உதவி இயக்குநர்கள் கோடம்பாக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சம் கதைக்கு அல்ல, நிச்சயத்துக்கு. ஒரு படத்துக்குப் பணம் போடுகிறவர், படம் முடிந்து வெளியாகும் வரை வட்டி கட்டுகிறார். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடியும்வரை அது ஓடுமா ஓடாதா என்று அவருக்குத் தெரியாது. ஏற்கெனவே ஓடிய படத்தின் உரிமையை வாங்கினால், குறைந்தபட்சம் ஒரு ஊரில் இந்தக் கதைக்கு மக்கள் வந்தார்கள் என்ற சாட்சி கையில் இருக்கிறது. நட்சத்திரத்திடம் கதை சொல்ல வேண்டாம், படத்தையே போட்டுக் காட்டலாம். விநியோகஸ்தரிடமும் ஓடிடி நிறுவனத்திடமும் பேசும்போது அந்தப் பழைய வசூலே முதல் வாக்கியம் ஆகிவிடுகிறது.

இரண்டாம் பாகத்தின் கணக்கு இன்னும் எளிது. புதிய படத்தின் பெயரை மக்கள் மனதில் பதியவைக்கவே பெரும் விளம்பரச் செலவு ஆகும். பழைய பெயருக்குப் பக்கத்தில் '2' போட்டால் அந்த வேலையில் பாதி முடிந்துவிடும். 'தடக் 2' இதற்கு நல்ல உதாரணம். அது 'தடக்' படத்தின் தொடர்ச்சி இல்லை. அதே பாத்திரங்கள் இல்லை, அதே ஊர் இல்லை. 2018இல் வந்த 'தடக்', மராத்தியப் படமான 'சாய்ராட்'டின் ரீமேக். 2025இல் வந்த 'தடக் 2', தமிழ்ப் படமான 'பரியேறும் பெருமாள்' படத்தின் ரீமேக். நாகராஜ் மஞ்சுளேவும் மாரி செல்வராஜும் தனித்தனியாகத் தங்கள் மண்ணிலிருந்து எடுத்த இரண்டு கதைகளை மும்பையில் ஒரு பெயரின் கீழ் ஒன்று, இரண்டு என்று அடுக்கிவிட்டார்கள். ஒரே படம் ரீமேக்காகவும் இருக்கிறது, பெயரளவில் இரண்டாம் பாகமாகவும் இருக்கிறது.

பணம்தான் காரணம் என்பதால் எல்லாம் குப்பை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முதல் படத்தையும் பணத்துக்காகத்தான் எடுக்கிறார்கள். வேறுபாடு எங்கே வருகிறதென்றால், தெரிந்த கதையை மறுபடி எடுக்கும்போது எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுகள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இதை நந்தன் கதையில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

நந்தன் கதையின் ஐந்து பதிப்புகள்

சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையில் அவர் வெறும் ஒரு பெயர், திருநாளைப்போவார். அடியார்களின் பட்டியலில் ஒருவர். பிறகு நம்பியாண்டார் நம்பி அந்தப் பெயருக்கு ஒரு பாடல் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களில் அதை முழுக்கதை ஆக்கினார். அங்கே நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்கிறார். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். கோயிலுக்குள் போக முடியாது. தில்லையைப் பார்க்க ஆசை, ஆனால் தன் பிறப்பை நினைத்து 'நாளைப் போவேன்' என்று தள்ளிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் கனவில் இறைவன் வந்து தீயில் மூழ்கி வா என்கிறான். தெற்கு வாசலுக்கு முன்னால் தீ வளர்க்கிறார்கள். நந்தன் இறங்குகிறார். பூணூலும் சடைமுடியும் கொண்ட முனிவராக எழுகிறார். கோயிலுக்குள் போகிறார். அதன்பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

இந்தப் பதிப்பில் வில்லனே இல்லை என்பதைக் கவனியுங்கள். நந்தனை யாரும் தடுக்கவில்லை. அவரே தள்ளி நிற்கிறார். கடவுளே தீயைச் சொல்கிறார். தில்லை அந்தணர்கள் சொன்னதைச் செய்கிறார்கள். குற்றம் என்று ஒன்று இருந்தால், அது நந்தனின் பிறப்பில் இருக்கிறது. தீ அதை நீக்குகிறது.

1860களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' எழுதி வெளியிட்டார். அவர் ஒரு முக்கியமான மாற்றம் செய்தார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு ஆளைக் கொண்டுவந்தார், வேதியர் என்ற பண்ணையார். இப்போது நந்தன் பண்ணையாள். சிதம்பரம் போவதற்குத் தடையாக இருப்பது அவருடைய தயக்கம் மட்டுமல்ல, ஆண்டையின் உத்தரவு. நாற்பது வேலி நிலத்து விவசாய வேலையை முடித்தால் போகலாம் என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர் என்று வைத்தால், கிட்டத்தட்ட இருநூற்றெழுபது ஏக்கர். ஒரே இரவில் சிவனின் பூதகணங்கள் வந்து அதை விளையவைத்துவிடுகின்றன. அதைப் பார்த்து வேதியர் நந்தனின் காலில் விழுகிறார்.

எங்கள் வட்டத்தில் இந்த இடத்தில் ஒரு தோழர் நிறுத்தச் சொன்னார். அவருடைய தாத்தா காட்டுமன்னார்கோயில் பக்கம் பண்ணையில் வேலை பார்த்தவர். "ஊருக்குப் போகணும்னா ஆண்டைகிட்டக் கேக்கணும்னு தாத்தா சொல்லுவாரு. இது புராணம் இல்ல, எங்க வீட்டுக் கதை" என்றார். அதுதான் அந்த மாற்றத்தின் பலம். சேக்கிழாரிடம் தீட்டாக இருந்த பிரச்சினையை, பாரதியார் தஞ்சைப் பகுதியின் பண்ணையடிமை முறையோடு சேர்த்துக் காட்டிவிட்டார். முந்தைய பதிப்பு சொல்லாத உண்மை ஒன்றைப் புதிய பதிப்பு சொன்னது. ஆனால் சொன்ன கையோடு அதற்கு அற்புதத்தைத் தீர்வாகக் கொடுத்தது. இரவில் பூதகணங்கள் வராத பண்ணையாள் என்ன செய்வான் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் தீயும் அப்படியே இருந்தது.

பிறகு சினிமா வந்தது. மௌனப் படக் காலத்திலேயே நந்தனார் திரைக்கு வந்துவிட்டார். 1935இல் 'பக்த நந்தனார்'. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தார்கள். அந்தப் படத்துக்காக சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்ததாக இன்றைக்கும் பேசுகிறார்கள். ஏழே ஆண்டுகளில், 1942இல், ஜெமினி அதே கதையை மறுபடி எடுத்தது. இம்முறை எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனார்.

ஏழு ஆண்டு இடைவெளியில் ஏன் மறுபடி? மேலே சொன்ன அதே கணக்குதான். கீர்த்தனைகள் கச்சேரி மேடைகளிலும் கதாகாலட்சேபங்களிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. பாட்டு வெற்றி பெறுமா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அது பாடகர்கள் நட்சத்திரங்களாக இருந்த காலம், அவர்களுக்கு ஏற்ற கதை இது. கூடவே காலமும் மாறியிருந்தது. 1936இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம், 1939இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு எல்லாம் நடந்து முடிந்திருந்தன. 'அரிசனங்கள்' மீது இரக்கம் காட்டுவது அப்போது படித்த நடுத்தர வர்க்கத்துக்குப் பெருமை.

1942 படத்தை நாங்கள் மடிக்கணினியில் போட்டு ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். தேசிகரின் குரல் அற்புதம், அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கதை கோபாலகிருஷ்ண பாரதியாரின் தடத்தை விட்டு இறங்கவே இல்லை. உண்மையான கோயில்களுக்குள் உண்மையான மக்கள் நுழைந்துகொண்டிருந்த காலத்தில் எடுத்த படம், கோயில் நுழைவுக்கு இன்னும் பக்தியின் அற்புதத்தையே நம்பியிருக்கிறது. வெளியே தெருவில் மாறிவிட்ட ஒன்றை உள்ளே திரையில் மாற்றத் துணியவில்லை. ரசிக்கலாம், ஆனால் கதையாக அது முந்தையதைத் தாண்டவில்லை.

ஐந்தாவது பதிப்பை எழுதியது ஒரு நகைச்சுவைக் கலைஞர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபம், 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் இருக்கிறது. நந்தன் கதையை வரிசை மாறாமல் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு உறுப்பையும் மாற்றிவிட்டார் அவர். சிதம்பரம் போகத் துடித்த நந்தனின் இடத்தில், படிக்கத் துடிக்கும் கிந்தன். கோயிலின் இடத்தில் பள்ளிக்கூடம். அவனைக் கொண்டுசேர்ப்பது தீ அல்ல, ரயில் வண்டி. படித்து அதிகாரியாகத் திரும்பிவருகிறான். சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்படும் இந்தக் கதையில் எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது ஒன்றுதான்: கிந்தன் எரியவில்லை. மறையவும் இல்லை. அதே உடம்போடு, அதே ஆளாகத் திரும்பிவருகிறான்.

பதிப்பை மதிப்பிடும் அளவுகோல்

ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எங்களுக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறதா என்று கேட்பது வீண். விசுவாசமாக இருந்த 1942 படம் கதையை ஓர் அடி நகர்த்தவில்லை. துளியும் விசுவாசம் இல்லாத கிந்தனார்தான் கதையை முன்னே கொண்டுபோனது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தக் கதையிலும் பார்ப்பவரைக் குத்துகிற முள் ஒன்று இருக்கும். நந்தன் கதையில் அந்தத் தீதான் முள். உள்ளே போக வேண்டுமானால் நீ நீயாக இருக்கக் கூடாது என்கிற நிபந்தனை. புதிய பதிப்பு அந்த முள்ளை என்ன செய்கிறது? பிடுங்கி எறிந்துவிட்டு வலியில்லாமல் தருகிறதா? அப்படியே வைத்துப் பூச்சூட்டுகிறதா? இல்லை, குத்தினது யார் என்று காட்டுகிறதா?

இதை வைத்துக்கொண்டு 'சாய்ராட்'டுக்கும் 'தடக்'குக்கும் வருவோம். 2016இல் வந்த 'சாய்ராட்'டில் பர்ஷ்யா ஒடுக்கப்பட்ட சாதிப் பையன், ஆர்ச்சி ஊர்ப் பாட்டீலின் மகள். ஓடிப்போய் ஹைதராபாத்தில் ஒரு வாழ்க்கையைக் கட்டுகிறார்கள், குழந்தை பிறக்கிறது. கடைசியில் அவளுடைய அண்ணன் பரிசுப் பொருள்களோடு வருகிறான். இருவரும் கொல்லப்படுகிறார்கள். குழந்தை இரத்தத்தில் பதிந்த காலடிகளோடு தெருவில் நடந்துபோகிறது. இசை இல்லை, சத்தமே இல்லை.

'தடக்' அதை உதய்ப்பூருக்குக் கொண்டுபோனது. பெண்ணின் அப்பா அரசியல்வாதி, பையனின் அப்பா உணவகம் நடத்துகிறார். சாதி ஒன்றிரண்டு வசனங்களில் ஒலித்துவிட்டு மறைந்துவிடுகிறது. பார்க்கிறவருக்குத் தங்கும் எண்ணம், பணக்காரப் பெண், வசதி குறைந்த பையன் என்பதுதான். முடிவும் மாறியது. கணவனும் குழந்தையும் மாடியிலிருந்து தள்ளிக் கொல்லப்படுகிறார்கள். நாயகி உயிரோடு நிற்கிறாள்.

"கடைசியில சாவுதான் ரெண்டுலயும் இருக்கே, இதுல என்ன வித்தியாசம்?" என்று வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல நாங்கள் வெளியே எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. 2003 ஜூலையில் நம் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில், காதலித்துத் திருமணம் செய்துகொண்ட கண்ணகி, முருகேசன் இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர் பெண். கொன்றவர்களில் அவளுடைய சொந்தக் குடும்பத்தார் இருந்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. பதினெட்டு ஆண்டுகள். ஆணவக் கொலையில் சாதி தன் சொந்த மகளையும் விட்டுவைப்பதில்லை. அதுதான் 'சாய்ராட்' காட்டிய முள். பெண்ணை உயிரோடு விட்டுவைத்த 'தடக்', குடும்பம் கோபப்பட்டாலும் தன் பெண்ணைக் கொல்லாது என்ற நம்பிக்கையைப் பார்வையாளரிடம் மிச்சம்வைத்து அனுப்புகிறது. கூடவே, புதுமுக நட்சத்திரத்தின் அழுகைக்கு ஒரு நெருக்கக் காட்சியும் கிடைத்துவிடுகிறது. யாருடைய வசதிக்காக முடிவு மாறியது என்று இப்போது புரியும்.

தடக் 2 எங்கே நிற்கிறது?

அன்று புதுச்சேரிக்கு நாங்கள் போகவில்லை. ஓடிடியில் வந்தபிறகு, பரியனையும் அதையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்த்தோம். 'தடக்' மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தோம். நாங்கள் நினைத்தது தவறு.

ஷாசியா இக்பால் இயக்கிய அந்தப் படத்தில் நாயகன் நீலேஷ் சாதியை மறைத்துக்கொண்டு தொடங்கினாலும், படம் மறைக்கவில்லை. இடஒதுக்கீடு பற்றிய ஏளனம் வகுப்பறையிலேயே வருகிறது. சேகர் என்ற தலித் மாணவர் தலைவர் ஒருவர் இருக்கிறார். தமிழ்ப் படத்தில் இப்படி ஒரு பாத்திரம் இல்லை. அவருக்கு நேர்வதைப் பார்க்கும் எந்த மாணவருக்கும் ரோகித் வெமுலா நினைவுக்கு வராமல் இருக்காது. நாயகி வித்திக்கும் கூடுதல் வேலை இருக்கிறது. 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஜோ தன்னைச் சுற்றி நடக்கும் வன்முறையை அறியாமலே கடைசிவரை இருக்கிறாள். அந்த அறியாமைதான் மாரி செல்வராஜ் சொல்ல வந்ததன் ஒரு பகுதி. இங்கே வித்தி கேள்வி கேட்கிறாள், வீட்டோடு மோதுகிறாள். தணிக்கையில் சாதி பற்றிய பல வசனங்களை மாற்றச் சொன்னார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. குத்தாத ஒன்றைப் பிடுங்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

இழந்ததும் இருக்கிறது. நெல்லை மண், கருப்பி, பரியனின் அப்பா அவமானப்படுத்தப்படும் காட்சியின் தாங்க முடியாத நெருக்கம், கடைசியில் இரண்டு டீ கிளாஸ்களும் நடுவில் ஒரு பூவும் வைத்து மாரி விட்டுச்சென்ற மௌனம். இவற்றை வேறொரு மொழியில் மறுபடி எடுக்க முடியாது, எடுத்தாலும் அது நகல்தான். தமிழ் தெரிந்த நமக்குப் பரியன் போதும். ஆனால் ஜன்னல் ஓரத் தோழர் சொன்னதும் சரியாகிவிட்டது. அந்தப் படம் வெறும் நகல் இல்லை, தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் உண்மையைச் சேர்த்துக்கொண்ட பதிப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முள்ளைப் பிடுங்கிய 'தடக்' வசூலில் வென்றது. முள்ளை வைத்துக்கொண்ட 'தடக் 2' தோற்றது. எனவே வசூலை வைத்து ஒரு பதிப்பின் தகுதியை முடிவு செய்யாதீர்கள். அதே சமயம், அடுத்த தயாரிப்பாளர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுப்பார் என்பதையும் மறக்காதீர்கள். பார்க்கத் தகுந்ததற்கு நாம் கொடுக்கும் காசும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

பிரபஞ்சங்களைப் பற்றி

இளைய தோழர்கள் லோகேஷ் கனகராஜின் படங்களைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள் என்று தெரியும். 'கைதி' (2019), 'விக்ரம்' (2022), 'லியோ' (2023) மூன்றும் வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த படங்கள். ஆனாலும் பாத்திரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்துபோகிறார்கள். 'விக்ரம்' வருவதற்கு முந்தைய நாள், 'கைதி'யை மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள் என்று இயக்குநரே கேட்டுக்கொண்டார். இதன் பொருளாதாரம் அழகானது. புதிய படம் பழைய படத்தை மறுபடி விற்கிறது, பழைய படம் புதியதற்கு டிக்கெட் எடுக்க வைக்கிறது. ஒன்றைத் தவறவிட்டால் கூட்டத்தில் பேச முடியாது என்ற பதற்றமும் ஒரு விளம்பரம்தான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. பெரிய புராணமே ஒரு பிரபஞ்சம். தனித்தனி ஊர்களில், தனித்தனி சாதிகளில் வாழ்ந்ததாகச் சொல்லப்பட்டவர்களை ஒரே நூலில் கோத்த கதை. அதிலிருந்து ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது. எல்லாக் கதைகளும் ஒரே இடத்தில் முடிய வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டால், பெரிய கதைக்குத் தேவைப்படாதது உதிர்ந்துவிடும். அறுபத்துமூன்று பேரும் இறைவன் திருவடியில் சேர வேண்டும். எனவே நந்தனின் சேரி என்ன ஆனது, அவருக்குப் பிறகு போனவர்களை உள்ளே விட்டார்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 'கைதி'யில் நம்மைக் கட்டிப்போட்டது, சிறையிலிருந்து வந்து மகளை முதன்முதலாகப் பார்க்கத் துடித்த ஒரு அப்பன். பிரபஞ்சத்துக்குத் தேவைப்படுவது போலீஸ் கைப்பற்றிய போதைப் பொருள்தான். ஆகவே பிரபஞ்சப் படத்துக்கு எங்கள் சோதனை இது: முந்தைய படங்களைப் பார்க்காத ஒருவருக்கு இந்தப் படம் தானாக நிற்குமா? கைதட்டல் விழும் இடங்களில், பழைய பாத்திரம் தலைகாட்டியதற்குத் தட்டுகிறோமா, அது செய்த ஏதாவது ஒன்றுக்குத் தட்டுகிறோமா?

இரண்டாம் பாகத்துக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி போதும். முதல் பாகம் ஒரு கேள்வியை மிச்சம் வைத்ததா, வசூலை மட்டும் மிச்சம் வைத்ததா? போவதற்கு முன் முதல் பாகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி பாருங்கள். கதை முடிந்துவிட்டது என்று தோன்றினால் அவசரப்பட்டு முதல் நாள் டிக்கெட் எடுக்க வேண்டாம், இரண்டு பேர் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

ரீமேக்குக்கு எங்கள் வட்டத்தில் இப்போது பழக்கமாகிவிட்ட முறை இதுதான். மூலம் நமக்குப் புரியும் மொழியிலோ வசன வரிகளோடோ கிடைத்தால் அதை முதலில் பார்ப்போம். அதன் முள் எது என்று ஒரே வாக்கியத்தில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவோம். பிறகு ரீமேக்கில் மூன்று இடங்களை மட்டும் பார்ப்போம்: நாயகனின் ஊரும் வீடும் பெயரும் என்னவாகின, எதிரி யார் ஆனான், கடைசியில் யார் சாகிறார்கள், யார் மிஞ்சுகிறார்கள். சீட்டில் எழுதிய வாக்கியம் அந்த மூன்று இடங்களிலும் உயிரோடு இருந்தால், அல்லது அதைவிடக் கூர்மையான வாக்கியம் ஒன்றைப் படம் எழுதியிருந்தால், அது பார்க்கத் தகுந்தது. இந்த முறைக்கும் எல்லை உண்டு. வெறும் சிரிப்புக்கான படத்திலோ பேய்ப் படத்திலோ முள்ளைத் தேடிக்கொண்டிருந்தால் மாலை வீணாகும். நம் வலியை எடுத்து விற்கும் படங்களுக்குத்தான் இந்தச் சோதனை.

கடைசியாக ஒன்று. நந்தன் கதையின் ஆறாவது பதிப்பு சிதம்பரத்திலேயே இருக்கிறது, அது சினிமா இல்லை. படங்கள் எல்லாம் வருவதற்கு முன்பே, 1916இல், சுவாமி சகஜானந்தர் இந்த ஊரில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தன் எரிந்ததாகச் சொல்லப்படும் ஊரில் அவர் பெயரில் பள்ளி, விடுதி. சேரிப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். கிந்தனுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கோயிலின் இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தவர் அவர். தீக்கு வேலையே இல்லாத பதிப்பு.

தெற்கு வாசலில் நந்தன் போன வழியை அடைத்துச் சுவர் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போராடியவர்களும் இந்த ஊரில் உண்டு. அந்தக் கதைக்கு இன்னும் முடிவு எழுதப்படவில்லை. அடுத்த முறை யாராவது நந்தனைத் திரையில் கொண்டுவந்தால் நாங்கள் நிச்சயம் போவோம், நானூறு ரூபாய் ஆனாலும் சரி. போய் உட்கார்ந்து முதலில் ஒன்றைத்தான் பார்ப்போம். இந்த முறையும் அவர் தீயில் இறங்குகிறாரா?